பல் சந்துக்கு ஃப்ளாஸா, பிரஷ்ஷா? அளவு பார்த்து எடுக்கும் முறை

மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் கிளினிக்கில் கூட்டம் கூடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதுதான் பாம்பன், மண்டபம் பக்கத்து ஆட்களுக்குப் பல்லைப் பற்றி யோசிக்க நேரம் கிடைக்கிறது. அப்படி வந்த ஒரு படகு டிரைவர் அண்ணன் சட்டைப் பையிலிருந்து, மீன் வலைக்கான நைலான் நரம்பான தங்கூசியில் ஒரு முழம் எடுத்துக் காட்டினார். "கருவாடு தின்னா இந்தச் சந்துல மாட்டிக்கிருது டாக்டரம்மா. இதை விட்டு ஒரு இழு இழுத்தா வந்துரும். ஆனா இப்ப நாலு நாளா எரியுது" என்றார்.

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். வலதுபக்க மேல் கடைவாய்ப்பற்களில் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவே இருக்கும் ஈறில், பிளேடால் கீறியது மாதிரி ஒரு பிளவு. அதன் ஓரம் நல்ல சிவப்பு. தங்கூசி ஒற்றை இழை நைலான். உருண்டையாக, விறைப்பாக இருக்கும், அழுத்தினாலும் தட்டையாகாது. பல் துலக்கும் ஃப்ளாஸ் பெரும்பாலும் பல மெல்லிய இழைகள் சேர்ந்தது. பல்லில் பட்டதும் விரிந்து தட்டையாகும். மீன் செவுளில் இறங்குகிற நரம்பு ஈறை மட்டும் சும்மா விடுமா? அவரிடம் இதைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

அவருக்கு அன்று நான் சொல்லிக்கொடுத்ததையும், ஒரு மாதம் கழித்து மாற்றிச் சொன்னதையும்தான் இங்கே எழுதுகிறேன். ஃப்ளாஸ் என்றால் பல் சந்தில் விடும் நூல். இன்னொன்று, சின்ன பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி, நடுவில் கம்பியும் சுற்றிலும் நாருமாக இருக்கும் இன்டர்டென்டல் பிரஷ். அந்தப் பெயர் நீளமாக இருப்பதால் நாங்கள் அதைச் சந்து பிரஷ் என்றே சொல்கிறோம்.

முதலில் கண்ணாடி

எதை வாங்குவது என்று கடையில் நின்று யோசிக்க வேண்டாம். வீட்டில் வெளிச்சமான ஜன்னல் ஓரம் ஒரு கண்ணாடியோடு நில்லுங்கள். இரண்டு பல்லுக்கு நடுவே ஈறு முக்கோணமாகக் கூம்பி நிற்கும். அந்த முக்கோணம், பற்கள் ஒன்றையொன்று தொடும் இடம் வரை இடைவெளியை முழுதாக நிரப்பியிருந்தால் அங்கே சந்து மூடியிருக்கிறது. அங்கே ஃப்ளாஸ்தான் போகும். முக்கோணத்தின் முனை கீழிறங்கி, பற்களுக்கு நடுவே சின்னக் கறுப்பு ஓட்டை தெரிந்தால் சந்து திறந்திருக்கிறது. அங்கே சந்து பிரஷ்.

ஒரே வாயில் இரண்டும் இருக்கும். பலருக்கு மேல் முன்பற்கள் நெருக்கமாகவும் கடைவாய்ப் பக்கம் திறந்தும் இருக்கும். அதனால் "நான் ஃப்ளாஸ் ஆளா, பிரஷ் ஆளா" என்று கேட்பதே தப்பு. ஒவ்வொரு சந்தாகத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இளம் வயதில், ஈறு நோய் இல்லாத வாயில், பெரும்பாலும் எல்லாச் சந்தும் மூடியே இருக்கும். பத்தாவது படிக்கும் பையனுக்கு அப்பாவின் சந்து பிரஷ்ஷைக் கொடுத்து உள்ளே திணிக்கச் சொல்லாதீர்கள். வயதாகி ஈறு இறங்கினவர்கள், காரை கட்டிச் சுத்தம் செய்துகொண்டவர்கள், பல் ஒன்றை எடுத்த பிறகு பக்கத்துப் பல் விலகினவர்கள், இவர்களுக்குத்தான் சந்து திறந்திருக்கும்.

திறந்த சந்தில் ஃப்ளாஸ் விட்டால் என்ன? விடலாம், ஆனால் வேலை பாதிதான் நடக்கும். காரணம் பல்லின் வடிவம். கடைவாய்ப் பக்கத்துப் பற்களின் வேர்ப்பகுதி உருண்டையாக இருப்பதில்லை, பக்கவாட்டில் குழிந்திருக்கும். கோரைப்பல்லுக்கு அடுத்து வரும் மேல் பல்லில் இந்தப் பள்ளம் நன்றாகவே தெரியும். ஈறு இறங்கினால் அந்தப் பள்ளம் வெளியே வந்துவிடும். இழுத்துப் பிடித்த நூல் பள்ளத்தின் இரு கரைகளையும் தொட்டுக்கொண்டு மேலாகவே போகும், அடியில் இருக்கும் அழுக்கைத் தொடாது. பிரஷ்ஷின் நார் அந்தப் பள்ளத்துக்குள் விரிந்து இறங்கும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2019-ல் வெளியிட்ட தொகுப்பும் ஃப்ளாஸைவிடச் சந்து பிரஷ் ஈறு அழற்சியைக் கொஞ்சம் கூடுதலாகக் குறைக்கலாம் என்றுதான் சொன்னது. ஆனால் ஆதாரம் அவ்வளவு உறுதியானதில்லை என்பதையும் அதிலேயே சேர்த்துச் சொல்லியிருந்தார்கள். என் அனுபவத்தில் இன்னொரு காரணமும் உண்டு: பிரஷ்ஷைப் பிடிப்பது எளிது. நங்கூரக் கயிறு பிடித்துக் காய்த்துப்போன விரலில் ஃப்ளாஸைச் சுற்றி, கடைவாய் வரை கொண்டுபோவது லேசான வேலை இல்லை.

பாக்கெட்டில் இருக்கும் எண்

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கடைக்காரர் "சிவப்பு தரவா, நீலம் தரவா" என்று கேட்பார். நிறத்தை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் சிவப்பும் இன்னொரு கம்பெனியின் சிவப்பும் ஒரே அளவாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மில்லிமீட்டர் எண்ணும் குழப்பும். ஒருவர் 0.6 என்று போட்டால் அது நடுக்கம்பியின் தடிமன். இன்னொருவர் அதே 0.6-ஐப் போட்டிருப்பார், அது பிரஷ் நுழையக்கூடிய துளையின் அளவு. இரண்டும் வேறு வேறு பிரஷ்.

ஒப்பிடுவதற்கு உதவுவது ஐஎஸ்ஓ 16409 என்ற தர அளவுகோல். அதில் 0 முதல் 8 வரை அளவு எண்கள் உண்டு. கம்பி வளையாமல், நார் மட்டும் லேசாக மடங்கி, பிரஷ் எவ்வளவு சின்னத் துளை வழியாகப் போகிறது என்று பார்த்து அந்த எண்ணைத் தருகிறார்கள். பாக்கெட்டில் சில நேரம் பி.எச்.டி என்று அச்சாகியிருக்கும். டாக்டர் பட்டம் இல்லை, அந்தத் துளையின் விட்டம். அளவு 0 என்றால் துளை 0.6 மி.மீ வரை. அளவு 1-க்கு 0.7 முதல் 0.8. அளவு 2-க்கு 0.9 முதல் 1.0. அளவு 3-க்கு 1.1 முதல் 1.2. அளவு 4-க்கு 1.3 முதல் 1.5. அதற்கு மேலே போகப்போகப் பெரிய சந்துக்கானவை. வீட்டில் பயன்படுத்தும் பெரும்பாலானவர்களுக்கு 0 முதல் 5-க்குள் வேலை முடிந்துவிடும்.

டிரைவர் அண்ணனுக்கு இது ஒரு நிமிடத்தில் புரிந்தது. "கண்ணி அளவு மாதிரி" என்றார். சரிதான். எந்த மீனுக்கு எந்தக் கண்ணி என்று தெரியாமல் வலை எடுத்துப் போனால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். கண்ணி பெரிசானால் மீன் ஓடிவிடும். இங்கே பிரஷ் சின்னதானால் அழுக்கு தங்கிவிடும்.

அளவு பார்ப்பது

பல் மருத்துவரிடம் நிறக் கோடு போட்ட மெல்லிய அளவுகுச்சி இருக்கும். சந்தில் விட்டுப் பார்த்து அளவு சொல்லிவிடுவார். ஒருமுறையாவது அப்படிப் பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் குச்சி இல்லாமலும் பார்க்கலாம். அதற்குக் கலவைப் பாக்கெட் ஒன்று வாங்குங்கள், சின்னது முதல் பெரிசு வரை நான்கைந்து அளவுகள் ஒவ்வொன்றாக இருக்கும். ஒரே அளவில் எட்டு பிரஷ் இருக்கும் பாக்கெட்டை முதல் தடவையே வாங்காதீர்கள்.

பல் துலக்கி, வாய் கொப்பளித்து, பேஸ்ட் எதுவும் தொடாமல், உலர்ந்த பிரஷ்ஷோடு கண்ணாடி முன்னால் ஆரம்பியுங்கள். பேஸ்ட் வழுக்கும், பிரஷ் இறுக்கமா தளர்வா என்ற உணர்வைக் கெடுத்துவிடும். தவிர, பேஸ்ட்டில் இருக்கும் தேய்ப்புத் துகள் வேர்ப்பகுதியைத் தேய்க்கும். அளவு பார்க்கும்போது மட்டும் இல்லை, எப்போதுமே சந்து பிரஷ்ஷுக்குப் பேஸ்ட் வேண்டாம்.

எல்லாவற்றிலும் சின்னதை முதலில் எடுங்கள். சந்துக்குள் விடும்போது ஒன்றுமே உரசாமல் அப்படியே போய்விட்டு வந்தால் அது சின்னது. அடுத்த அளவு எடுங்கள். அதுவும் சும்மா போனால் அதற்கடுத்தது. ஓர் அளவில் லேசாகத் தள்ள வேண்டியிருக்கும். நார் இரண்டு பல்லிலும் பட்டு மடங்குவது தெரியும், வெளியே இழுக்கும்போதும் கொஞ்சம் பிடிக்கும், ஆனால் கம்பி எங்கேயும் படாது. அதுதான் உங்கள் அளவு. இன்னும் ஒன்று ஏற்றினால் கம்பி பல்லில் கரகரவென்று உரசும், அல்லது வளையும், அல்லது ஈறு வெளுத்து வலிக்கும். உடனே ஓர் அளவு இறங்கிவிடுங்கள்.

சுருக்கமாக, நார் தொடலாம், கம்பி தொடக்கூடாது. நாரைத் தாண்டிக் கம்பி பட்டால் காயம் அங்கேதான் ஆரம்பிக்கும். தினமும் பெரிய பிரஷ்ஷைத் திணித்தால் ஈறின் முக்கோணம் நசுங்கி இறங்கும், வேரின் மென்மையான மேற்பரப்பும் தேயும். ஏற்கெனவே திறந்த சந்தை நாமே இன்னும் திறந்துவிட்டதாகிவிடும்.

எல்லாச் சந்துக்கும் இப்படிப் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மேல் வலது, மேல் முன், மேல் இடது, கீழும் அதே மாதிரி. பார்த்தால் இரண்டு அல்லது மூன்று அளவுக்குள் அடங்கிவிடும். முன்னால் சின்னது, பின்னால் பெரிசு என்பது பொதுவான வழக்கம். ஒன்றிரண்டு சந்து மட்டும் இரண்டு அளவுக்கு நடுவில் நின்றால் அங்கே சின்னதையே எடுங்கள். இருபத்தைந்துக்கு மேற்பட்ட சந்துக்கு ஏழு வகை பிரஷ் வாங்கினால் மூன்றாம் நாளே எல்லாவற்றையும் விட்டுவிடுவீர்கள்.

மிகச் சின்ன அளவுகூட நுழையாத சந்து ஃப்ளாஸுக்கானது. தள்ளி நுழைக்கப் பார்க்க வேண்டாம்.

டிரைவர் அண்ணனின் கணக்கு

அவர் முதலில் வந்தபோது கீழ் முன்பற்களின் உட்பக்கம் காரை ஓடுபோலக் கட்டியிருந்தது. ஈறெல்லாம் வீங்கி, தொட்டால் ரத்தம். அந்த வாயில் அளவு பார்த்தால் எல்லாச் சந்தும் சின்னதாகத்தான் தெரியும், வீங்கிய ஈறு இடத்தை அடைத்துக்கொண்டிருக்குமே. அதனால் முதலில் இரண்டு தடவையாகக் காரையை எடுத்தேன். அன்றைக்குப் பார்த்தபோது வலது மேல் கடைவாயில் அளவு 2 போனது. கீழ் முன்பற்களில் 0-தான் போனது. மேல் முன்பற்கள் நான்கிலும் எதுவும் போகவில்லை, அங்கே ஃப்ளாஸ். தங்கூசி கீறிய அந்தச் சந்தில் மட்டும் இரண்டு வாரம் எதுவும் விட வேண்டாம், மென்மையான டூத்பிரஷ்ஷும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கொப்பளிப்பும் போதும் என்று சொல்லி அனுப்பினேன். வாங்கின உறையில் அளவுகளை எழுதியும் கொடுத்தேன்.

நான்கு வாரம் கழித்து வந்தார், கொஞ்சம் கோபமாகவே. "க்ளீன் பண்றேன்னு பல்லை விலக்கிவிட்டுட்டீங்க. முன்னால சந்தே இல்ல, இப்ப காத்துப் போகுது."

இதைச் சொல்லாத நோயாளி குறைவு. பல்லை யாரும் விலக்கவில்லை. அந்த இடம் முதலிலிருந்தே இருந்தது. ஒரு பாதியைக் காரை அடைத்திருந்தது, மறுபாதியை வீங்கின ஈறு அடைத்திருந்தது. காரை போய், வீக்கமும் வடிந்ததும் உள்ளது உள்ளபடி தெரிகிறது. அடியில் எலும்பு கரைந்த இடத்தில் ஈறு பழைய உயரத்துக்குத் திரும்பி வருவதில்லை. இதைக் க்ளீனிங்குக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியவள் நான்தான். சொல்லாமல் விட்டது என் தப்பு. இப்போதெல்லாம் முதல் நாளே கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டிவிடுகிறேன்.

அவர் கொண்டுவந்த அளவு 2 பிரஷ்ஷை அதே கடைவாய்ச் சந்தில் விட்டுப் பார்த்தோம். காலி வீட்டுக்குள் நுழைகிற மாதிரி போனது. நாரில் ஒன்றும் ஒட்டவில்லை, ஆனால் கருவியால் சுரண்டினால் வெள்ளையாக அழுக்கு வந்தது. அவர் தினமும் ஒழுங்காகச் செய்திருக்கிறார், பிரஷ்தான் பல்லைத் தொடவே இல்லை. 3 பார்த்தோம், அதுவும் தளர்வு. 4 சரியாகப் பிடித்தது. கீழ் முன்பற்களுக்கு 0 போய் 1 ஆனது. மேல் முன்பற்கள் மாறவில்லை, அதே ஃப்ளாஸ். கீறல் இருந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும் மிச்சம். அன்றிலிருந்து அங்கேயும் பிரஷ் விடச் சொன்னேன்.

அதனால் காரை எடுத்த அன்றே பெரிய பாக்கெட்டாக வாங்கிக் குவிக்காதீர்கள். மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி அளவு பார்த்துவிட்டு வாங்குங்கள். அதன் பிறகு பெரும்பாலும் மாறாது. மாறினால், முக்கியமாக ஒரே ஒரு சந்து மட்டும் திடீரென்று பெரிசானால், அங்கே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

கை வேலை

பிரஷ்ஷைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டிவிரலாலும் பேனா மாதிரிப் பிடியுங்கள். உள்ளங்கையில் வைத்து இறுக்கினால் விசை கூடிவிடும். ஈறு முக்கோணத்தை ஒட்டி, பிரஷ்ஷின் நுனி ஈறைக் குத்தாமல் அதைவிட்டு விலகிப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் சாய்த்து வையுங்கள். மேல் பல்லில் நுனி லேசாகக் கீழே பார்க்கும், கீழ் பல்லில் லேசாக மேலே பார்க்கும். நுனி சந்துக்குள் நுழைந்ததும் பிரஷ்ஷை நேராக்கி, முழு நீளமும் அந்தப்பக்கம் போகும்வரை மெல்லத் தள்ளுங்கள். பிறகு நேராக இழுங்கள். இரண்டு மூன்று தடவை போய்வந்தால் போதும். திருகாதீர்கள். திருகினால் சுத்தம் கூடாது, கம்பிதான் முறுக்கேறி உடையும், சில நேரம் உடைந்த துண்டு சந்திலேயே நின்றுவிடும்.

நுழையவில்லை என்றால் அழுத்தக் கூடாது. வெளியே எடுத்துக் கோணத்தை மாற்றி மறுபடி விடுங்கள். பல நேரம் அளவு சரியாக இருந்தும் கோணம்தான் தப்பாக இருக்கும்.

கடைவாயில் எட்டவில்லை என்று வாயை 'ஆ'வென்று திறப்பார்கள். அப்படித் திறந்தால் கன்னம் இறுகி இடமே இல்லாமல் போகும். வாயைப் பாதி மூடுங்கள், கன்னம் தளரும். கைப்பிடி நேரானதாக இருந்தால் கம்பியின் அடிப்பகுதியை விரலால் லேசாக வளைத்துக்கொள்ளலாம். ஒரே வளைவாக மெல்ல வளைக்க வேண்டும், சட்டென்று மடக்கினால் அந்த இடத்தில்தான் ஒடியும்.

நாளுக்கு ஒரு தடவை போதும். நான் இரவைச் சொல்வேன். கடலுக்குப் போகிறவர்களுக்கு இரவு எது, பகல் எது என்று இல்லை, அதனால் அவர்கள் நாளின் பெரிய சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மூடிய சந்துக்கு ஃப்ளாஸ்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். முழங்கை நீளம், சுமார் 45 செ.மீ, வெட்டி எடுத்து இரண்டு நடுவிரலிலும் சுற்றுங்கள். நடுவில் இரண்டு மூன்று செ.மீ மட்டும் இருக்கட்டும். பற்கள் தொடும் இடத்தில் மெல்ல முன்னும் பின்னுமாக ஆட்டி இறக்குங்கள். ஈறில் கீறல் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: இறுக்கமாக இருக்கிறது என்று அழுத்தும்போது நூல் 'டக்'கென்று விடுபட்டு நேராக ஈறில் போய் வெட்டும். விரலை ஒன்று பல்லின் வெளிப்பக்கமும் ஒன்று உட்பக்கமும் பல்லுக்கு ஒட்டி வைத்துக்கொண்டால் நூல் விடுபட்டாலும் கீழே ஓடாது.

உள்ளே போனதும் நூலை ஒரு பல்லின் மேல் வளைத்து அணைத்து, ஈறுக்கு அடியில் மெல்லத் தடுக்கும் இடம் வரை இறக்கி, மேலும் கீழும் நாலைந்து தடவை தேயுங்கள். அப்புறம் அதே சந்தில் அடுத்த பல்லை அணைத்துத் தேயுங்கள். நடு ஈறின் மேல் நூலை நேர்க்கோடாக வைத்து அறுக்கக் கூடாது. அடுத்த சந்துக்குப் போகும்போது விரலில் சுற்றியதை அவிழ்த்து, புது நூலைக் கொண்டுவாருங்கள். ஒரே இடத்தில் நூல் தினமும் நைந்து கிழிந்தால் நூலின் குற்றம் இல்லை. அங்கே சொத்தையோ, முன்பு சொத்தையை அடைத்ததில் விளிம்பு பிதுங்கி நிற்பதோ இருக்கும். கம்பி கட்டியவர்கள், பிரிட்ஜ் போட்டவர்கள், இம்ப்ளான்ட் வைத்தவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். இம்ப்ளான்ட்டின் சொரசொரப்பில் நூலிழை மாட்டிக்கொண்டு தொந்தரவு கொடுப்பதுண்டு.

ஈர்க்குச்சி, தீக்குச்சி, ஊக்கு பற்றிக் கேட்பார்கள். ஈர்க்குச்சியின் சிலாம்பு ஈறில் ஏறி நின்று சீழ் வைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஊக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பனங்கிழங்கு நார் மாட்டினால் வாயைக் கொப்பளித்துவிட்டு ஃப்ளாஸை விடுங்கள், வந்துவிடும்.

எந்த ரத்தம், எந்தக் காயம்

முதல் நாள் பிரஷ் விட்டதும் ரத்தம் வரும். பயந்து நிறுத்திவிடுவார்கள், அதுதான் தவறு. ஆனால் எல்லா ரத்தமும் ஒன்றில்லை. அழற்சியால் வரும் ரத்தம் பல சந்துகளிலும் கசியும், வலி இருக்காது அல்லது லேசாக இருக்கும், நாளுக்கு நாள் குறையும். சரியான அளவில் தினமும் செய்தால் பலருக்கு ஒரு வாரம், பத்து நாளில் நின்றுவிடும். காயத்தால் வரும் ரத்தம் ஒரே ஓர் இடத்தில் வரும். விட்ட நொடியில் சுருக்கென்று குத்தியிருக்கும், அப்புறம் உப்பு, காரம் பட்டால் எரியும். கண்ணாடியில் பார்த்தால் கீறலோ வெட்டோ தெரியும்.

அப்படித் தெரிந்தால் அந்தச் சந்தை மட்டும் ஒன்றிரண்டு வாரம் விட்டுவிட்டு, மற்ற இடங்களில் வழக்கம்போலச் செய்யுங்கள். சிவப்பாக, புதிதாக இருக்கும் கீறல் தானாக மூடும். ஓரம் வெளுத்துப்போன பிளவு பழையது, அதன் மேல் தோல் மூடிவிட்டது, தானாகச் சேராமல் போகலாம். அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டு வாரம் சரியாகச் செய்த பிறகும் ஒரே இடத்தில் ரத்தம் வந்தாலும், சீழோ கெட்ட வாடையோ இருந்தாலும், பல் ஆடினாலும் காட்ட வேண்டும். ஈறுக்கு அடியில் காரை மிச்சம் இருக்கலாம், ஈறு பல்லைவிட்டு விலகி, பிரஷ் எட்டாத ஆழத்தில் பைபோலப் பள்ளம் விழுந்திருக்கலாம். இதய நோய்க்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கூடுதலாகக் கசியலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கசிவு நிற்காவிட்டால் மாத்திரை கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். இன்னொன்று, பீடி, சிகரெட் பழக்கம் இருப்பவர்கள் "எனக்கு ரத்தமே வரல" என்று நிம்மதியாக இருப்பார்கள். புகையிலையில் இருக்கும் நிகோடின் ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். நோய் உள்ளே இருந்தும் ரத்தம் வெளியே தெரியாது. அவர்கள் ரத்தத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

உப்புக் காற்றில் பிரஷ்

வேலை முடிந்ததும் பிரஷ்ஷைக் குடிதண்ணீரில் அலசி, உதறி, மூடி போடாமல் காற்றில் காயவிடுங்கள். எங்கள் கடற்கரைக் காற்றில் எதுவும் சீக்கிரம் காயாது. ஈரத்தோடு மூடி போட்டால் மறுநாள் வாடை வரும். மூடி, பையில் போட்டுக்கொண்டு போவதற்கு மட்டும். ஒரு பிரஷ்ஷை நார் சாயும்வரை, பலருக்கு ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம், பயன்படுத்தலாம். கம்பி ஒருமுறை நன்றாக மடங்கினாலோ, அதன் மேல் இருக்கும் பிளாஸ்டிக் பூச்சு உரிந்து உலோகம் தெரிந்தாலோ நாள் கணக்குப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். உரிந்த கம்பிதான் வேரைக் கீறும்.

ஜூன் 14 தாண்டி விசைப்படகுகள் கிளம்பிய வாரத்தில் டிரைவர் அண்ணன் ஒரு தடவை வந்தார். பல்லுக்கு இல்லை, 4-ஆம் எண் பிரஷ் பாம்பனில் கிடைக்கவில்லை, ராமநாதபுரத்தில் எந்தக் கடையில் கேட்க என்று விசாரிக்க. கடையில் நிறத்தைச் சொல்லாமல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள் என்று ஒரு சீட்டில் "4, துளை 1.3–1.5" என்று எழுதிக் கொடுத்தேன். அதை மடித்து, முன்பு தங்கூசி வைத்திருந்த அதே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.